ஊட்டி ரூமில் ஸ்டிக் மாட்டியும் படம் ஓடவில்லையா? அறிகுறி வாரியாகப் பார்க்கலாம்

வீட்டில் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடுகிற டிவி ஸ்டிக், குன்னூரில் ஒரு ரூமிலோ கோத்தகிரியில் சித்தி வீட்டிலோ மாட்டினால் மக்கர் பண்ணும். பெரும்பாலும் கோளாறு ஸ்டிக்கில் இருக்காது. அந்த இடத்து டிவி, பிளக், வைஃபை, அப்புறம் நம் கணக்கு, இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும். திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே எது என்று சொல்லிவிடலாம், அதனால் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இன்னும் வாங்காதவர்களுக்கு முதலில் ஒரு பகுதி. ஏற்கெனவே கையில் இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

இன்னும் வாங்கவில்லை, எதை எடுப்பது?

பையில் எடுத்துப் போகிற ஸ்டிக்குக்கு 4கே அவ்வளவு முக்கியமில்லை. ரூமில் இருப்பது பெரும்பாலும் 32 இஞ்ச் டிவி, அங்கே வரும் வைஃபையில் 1080பி ஒழுங்காக ஓடினாலே பெரிய விஷயம். நான் பார்ப்பது இரண்டுதான். ஒன்று, தனி ரிமோட் வேண்டும், அது புளூடூத் ரிமோட்டாக இருக்கவேண்டும், அப்போதுதான் நெட் இல்லாத நிலையிலும் மெனுவுக்குள் போய் நெட்டைச் சரிசெய்ய முடியும். இரண்டு, ஹோட்டல் வைஃபையின் லாகின் பக்கத்தைத் திரையில் திறந்து காட்டவேண்டும். ஃபயர் டிவி ஸ்டிக்கில் இதெல்லாம் இருக்கிறது, விலை குறைந்த மாடலே போதும். கூகுள் டிவி ஓடும் ஸ்டிக்குகளும் சரிதான்.

எடுக்கக்கூடாதவை என்றால், ரிமோட்டே இல்லாமல் ஃபோனிலிருந்து காஸ்ட் மட்டும் செய்கிற பழைய டாங்கிள். வீட்டுக்கு அது நல்ல சாமான், ஹோட்டலில் அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது, ஏன் என்று கீழே வரும். இன்னொன்று, "எல்லாச் சேனலும் ஃப்ரீ" என்று விற்கிற பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி. அந்த ரகப் பெட்டிகளில் சில கடையிலிருந்து வரும்போதே உள்ளே மால்வேரோடு வந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பேட்பாக்ஸ் 2.0 என்ற மால்வேர் வலையின் பெயரைச் சொல்லியே எச்சரிக்கை விட்டது. சித்தப்பா வீட்டு வைஃபையில் அப்படி ஒன்றைக் கொண்டுபோய் மாட்டுவது அவருக்குச் செய்கிற நன்மை இல்லை.

ஸ்டிக்கோடு சேர்த்து ஒரு குட்டி HDMI நீட்டிப்புக் கேபிள், இரண்டு மீட்டர் யூஎஸ்பி கேபிள், ஒரு மல்டிபிளக், ரிமோட்டுக்கு மாற்று பேட்டரி. இவ்வளவும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கும். கிளம்புவதற்கு முந்தைய நாளே வீட்டு வைஃபையில் எல்லா அப்டேட்டையும் முடித்து, ஒவ்வொரு ஆப்பையும் ஒருதடவை திறந்து, லாகின் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கல்சுவர் பங்களாவுக்குள் ஃபோனில் ஒரு கோடு சிக்னலோடு OTP-க்குக் காத்திருப்பது போல எரிச்சல் வேறில்லை.

ஸ்டிக்கை மாட்டியாச்சு, டிவியில் "No Signal", சோர்ஸ் மாற்றமுடியவில்லை

ஹோட்டல் டிவிகளில் ஹோட்டல் மோட் என்று ஒரு பூட்டு உண்டு. அதைப் போட்டிருந்தால் ரிமோட்டில் Source அல்லது Input பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. டிவியின் அடியில், அல்லது பின்பக்கம் ஓரத்தில் கையால் தடவிப் பாருங்கள், ஒரு பட்டன் இருக்கும், சில டிவிகளில் அது மட்டும் வேலை செய்யும்.

அதுவும் இல்லையென்றால் சுலபமான வழி ஒன்று உண்டு. செட்டாப் பாக்ஸ் எந்த HDMI ஓட்டையில் மாட்டியிருக்கிறதோ, அதை உருவிவிட்டு அதே ஓட்டையில் ஸ்டிக்கை மாட்டுங்கள். டிவி பூட்டப்பட்டிருப்பதே அந்த ஓட்டையைப் பார்த்துத்தான், அதனால் சோர்ஸ் மாற்றவேண்டிய அவசியமே வராது. செட்டாப் பாக்ஸ் பழைய மூன்று கலர் வயரில் ஓடுகிறது என்றால் இந்த வழி நடக்காது, ரிசப்ஷனில் சொல்லித்தான் பூட்டை எடுக்கவேண்டும். உருவுவதற்கு முன்னால் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டவேண்டியது நம் பொறுப்பு. சுவரோடு ஒட்டி மாட்டிய டிவியில் ஸ்டிக் உள்ளே போகாது, நீட்டிப்புக் கேபிள் அதற்குத்தான்.

லோகோ வருகிறது, அணைகிறது, மறுபடி லோகோ

இது பவர். இந்த ஸ்டிக்குகளுக்கு 5 வோல்ட் 1 ஆம்பியர் வேண்டும். டிவியின் பின்னால் இருக்கும் சாதாரண யூஎஸ்பி ஓட்டை கொடுப்பது அரை ஆம்பியர்தான். மெனு பார்க்கிறவரை ஓடும், வீடியோ தொடங்கி வைஃபையும் பிராசசரும் சேர்ந்து இழுக்கும்போது விழுந்து எழும். "வீட்டில் டிவியிலேதானே மாட்டியிருக்கேன், ஓடுதே" என்பார்கள், அந்த டிவியின் ஓட்டை கொஞ்சம் அதிகம் தருகிறது, அவ்வளவுதான். இன்னொரு தொல்லை, டிவியை அணைத்தால் அந்த யூஎஸ்பியும் அணையும், பாதி அப்டேட்டில் ஸ்டிக் செத்துப்போகும்.

பெட்டியோடு வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். பழைய பங்களாக்களில் டிவி பக்கத்தில் ஒரே ஒரு பிளக் இருக்கும், அதையும் செட்டாப் பாக்ஸ் பிடித்துக்கொண்டிருக்கும், மல்டிபிளக்கும் இரண்டு மீட்டர் கேபிளும் அங்கே கைகொடுக்கும். அடாப்டரில் மாட்டியும் அணைந்து எழுகிறதா, கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் ஸ்டிக்கின் மேல் சந்தேகப்படவேண்டும்.

வைஃபை "Connected" என்கிறது, ஆனால் எந்த ஆப்பும் திறக்கவில்லை

மலையில் அதிகம் பேர் மாட்டுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஹோட்டல் வைஃபையில் பாஸ்வேர்டு போட்டதும் முழு நெட் வந்துவிடாது. முதலில் ஒரு லாகின் பக்கம் வரும், ரூம் நம்பரோ மொபைல் நம்பரோ கேட்கும், OTP வரும், போட்டால்தான் கதவு திறக்கும். ஃபோனில் இந்தப் பக்கம் தானாகவே எட்டிப்பார்க்கும். ஸ்டிக்கில் சிலசமயம் வராமலே போய்விடும். ஸ்டிக்கைப் பொறுத்தவரை வைஃபையில் சேர்ந்தாச்சு, வெளியே போகத்தான் வழியில்லை.

இதுதானா என்று உறுதி செய்ய, ஃபயர் டிவியில் Settings > Network போய், சேர்ந்திருக்கும் வைஃபையின் மேல் நின்று Play/Pause பட்டனை அழுத்துங்கள். வைஃபை சரி, இண்டர்நெட் இல்லை என்று காட்டினால் இதேதான். வைஃபையே சரியாகச் சேரவில்லை என்றால் பாஸ்வேர்டு தப்பு, அல்லது ரவுட்டர் தூரம்.

இனி குன்னூர் ரூம் ஒன்றை உதாரணமாக வைத்துப் படிப்படியாகப் போவோம். ஸ்டிக்கில் வைஃபை சேர்ந்திருக்கிறது, லாகின் பக்கம் வரவில்லை. அந்த வைஃபையை Forget செய்து மறுபடி சேருங்கள், பாதிக்குப் பாதி இதிலேயே பக்கம் வந்துவிடும். வரவில்லையா, ஸ்டிக்கில் சில்க் பிரவுசரைத் திறந்து (வீட்டிலேயே இறக்கி வைத்திருக்கவேண்டும்) இந்த முகவரியை அடியுங்கள்:

```
http://neverssl.com
```

ஏன் இது? லாகின் பக்கம், நாம் கேட்கிற ஏதோ ஒரு பக்கத்தை நடுவில் மறித்துத்தான் தன்னைக் காட்டும். https பக்கங்களை அப்படி மறித்தால் பிரவுசர் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். இந்தத் தளம் வேண்டுமென்றே வெறும் http-யில் இருக்கிறது, மறிக்க வசதி. பக்கம் வந்தால் ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி நம்பரைப் போடுங்கள், OTP-யைப் போடுங்கள், முடிந்தது.

அப்படியும் வரவில்லை. அப்போதுதான் சித்தப்பா கேட்பார், "ஏன்டா தம்பி, என் ஃபோன்ல நெட் வருதே, இதுல மட்டும் ஏன் வரலை?" நியாயமான கேள்வி. ஹோட்டல் சிஸ்டம் ஆளைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கருவிக்கும் இருக்கிற MAC என்ற முகவரியைப் பார்க்கிறது. அவர் ஃபோன் OTP போட்டு உள்ளே போய்விட்டது, ஸ்டிக் போகவில்லை. ஆகவே ரிசப்ஷனில் கேட்கவேண்டியது "நெட் வரலைங்க" என்று இல்லை. "இந்த MAC-ஐ உள்ள சேர்த்துவிடுங்க" என்று கேளுங்கள். ஃபயர் டிவியில் Settings > My Fire TV > About > Network-இல் அந்த முகவரி இருக்கிறது, ஃபோட்டோ எடுத்துக் காட்டினால் போதும். விஷயம் தெரிந்த ஆள் இருக்கும் இடத்தில் இரண்டு நிமிட வேலை. இரவு ஷிஃப்டில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம், அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

அவர் கையை விரித்தால் கடைசி வழி, எனக்கு மிகப் பிடித்த வழியும் இதுதான். நிறைய ஆண்ட்ராய்டு ஃபோன்கள், தாங்கள் சேர்ந்திருக்கிற வைஃபையையே ஹாட்ஸ்பாட்டாக வெளியே கொடுக்கும். ஃபோனை ஹோட்டல் வைஃபையில் சேர்த்து OTP போட்டு முடியுங்கள். பிறகு மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். வைஃபை சின்னம் மேலே அப்படியே நின்றால் உங்கள் ஃபோனுக்கு இந்தத் திறமை உண்டு, ஹாட்ஸ்பாட் போட்டதும் வைஃபை தானாக அணைந்தால் இல்லை. ஐஃபோனில் இது கிடையாது. விண்டோஸ் லேப்டாப்பில் Mobile hotspot என்று இதே வசதி இருக்கிறது. ஸ்டிக்கை இந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்த்தால் ஹோட்டலின் கண்ணுக்கு உங்கள் ஃபோன் மட்டும்தான் தெரியும், அது ஏற்கெனவே உள்ளே போன ஃபோன்.

ஒரு தந்திரம்: ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஏதோ ஒன்றாக முன்பே முடிவு செய்து, வீட்டிலேயே ஸ்டிக்கை ஒருதடவை அதில் சேர்த்து வைத்துவிடுங்கள். அப்புறம் எந்த ஊரிலும் ஹாட்ஸ்பாட்டைப் போட்டவுடன் ஸ்டிக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ரிமோட் தொலைந்தாலும் இது காப்பாற்றும். ஸ்டிக் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறதோ அதிலேயே ஃபோனும் இருந்தால்தான் ரிமோட் ஆப் வேலை செய்யும், தெரிந்த ஹாட்ஸ்பாட் ஒன்று இருந்தால் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம்.

நெட் ஓடுகிறது, ஆனால் ஃபோனிலிருந்து காஸ்ட் செய்ய ஸ்டிக்கே தெரியவில்லை

ரூம் வைஃபையில் ஒரு விருந்தாளியின் கருவி இன்னொருவரின் கருவியைப் பார்க்கக்கூடாது என்று தடுத்திருப்பார்கள். நல்ல தடுப்புதான், இல்லையென்றால் பக்கத்து ரூம் பையன் உங்கள் டிவியில் தன் பாட்டை ஓடவிடுவான். ஆனால் அதே தடுப்பு உங்கள் ஃபோனையும் உங்கள் ஸ்டிக்கையும் பிரித்துவிடுகிறது. ரிமோட் இல்லாத டாங்கிளை வாங்கவேண்டாம் என்றது இதனால்தான், லாகின் பக்கமும் திறக்காது, ஃபோனும் அதை எட்டாது. ரிமோட் இருக்கிற ஸ்டிக்கில் ஆப்பை அதிலேயே திறந்து பாருங்கள், காஸ்ட் வேண்டாம். காஸ்ட் செய்தே ஆகவேண்டும் என்றால் மேலே சொன்ன ஹாட்ஸ்பாட்தான்.

ஹோட்டல் வைஃபை படுத்துவிட்டது, சொந்த சிம் டேட்டாவில் பார்க்கிறீர்கள் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நெட்ஃப்ளிக்ஸ் HD-யில் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும், ஒருநாளைக்கு 2 ஜிபி பேக் படத்தின் முதல் பாதிக்குள்ளேயே காலி. தளத்தில் உங்கள் ப்ரொஃபைலின் Playback settings-க்குப் போய் Medium வைத்தால் மணிக்கு 0.7 ஜிபி வரை என்று இறங்கும். 32 இஞ்ச் டிவியில் கட்டிலிலிருந்து பார்க்க அது போதும்.

சொந்தக்காரர் வீட்டில் நெட் பிரமாதம், நெட்ஃப்ளிக்ஸ் மட்டும் இது உங்கள் வீட்டு டிவி இல்லை என்கிறது

இங்கே வைஃபை கேட்டு வாங்குவதில் பிரச்சினை இல்லை, பாஸ்வேர்டு காலண்டரிலேயே எழுதியிருக்கும். நின்றுபோவது கணக்கில். 2023 ஜூலையிலிருந்து நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவிலும் ஒரு கணக்கை ஒரு வீட்டோடு கட்டிவிட்டது. வேறு வீட்டு நெட்டில் ஸ்டிக் இருப்பதைப் பார்த்தால் நிறுத்திக் கேட்கும். அப்போது தற்காலிகமாகப் பார்க்கிறேன் அல்லது பயணத்தில் இருக்கிறேன் என்கிற தேர்வை எடுங்கள், கணக்கின் உரிமையாளருக்கு ஒரு கோட் போகும், 15 நிமிடத்துக்குள் அடிக்கவேண்டும். கணக்கு சென்னையில் இருக்கிற அண்ணன் பேரில் என்றால் அவர் தூங்கப் போவதற்கு முன்னால் செய்துகொள்ளுங்கள்.

அதே திரையில் வீட்டை மாற்றவா என்றும் ஒரு தேர்வு இருக்கும். அவசரத்தில் அதை அழுத்தவேண்டாம். அழுத்தினால் கோத்தகிரி சித்தி வீடு உங்கள் வீடாகிவிடும், ஊர் திரும்பியதும் சொந்த டிவி உங்களை விருந்தாளி என்று நிறுத்தும்.

இன்னொன்று, உங்கள் திட்டமே மொபைல் திட்டம் என்றால் எந்த டிவியிலும் ஓடாது, ஸ்டிக்கிலும் ஓடாது. அதைப் பிழை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்கவேண்டாம்.

லாகின் கேட்கிறது: எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது

ஹோட்டல் டிவியிலேயே யூடியூபும் நெட்ஃப்ளிக்ஸும் இருந்தாலும் அதில் உங்கள் கணக்கைப் போடாதீர்கள். சொந்த ஸ்டிக் எடுத்துப் போவதன் முக்கால்வாசி லாபமே, கணக்கு உங்கள் பையோடு வெளியேறிவிடும் என்பதுதான். சொந்தக்காரர் வீட்டு ஸ்மார்ட் டிவிக்கும் இதே. நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. பிரைம் வீடியோ 2025 ஜனவரியிலிருந்து இந்தியாவில் ஒரு கணக்குக்கு ஐந்து கருவிதான் தருகிறது, அதில் டிவி இரண்டே இரண்டு. போன வருடம் பெரியப்பா டிவியில் போட்டுவிட்டு வந்த லாகின் அதில் ஒன்றைத் தின்றுகொண்டிருக்கும்.

ஸ்டிக்கில் லாகின் செய்யும்போது ரிமோட்டில் பாஸ்வேர்டைத் தட்டவேண்டாம், கூடியிருக்கிற எல்லாரும் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரையில் வரும் கோட்-ஐ உங்கள் ஃபோனில் அடிக்கும் முறையே நல்லது. அதற்கான முகவரியைத் தேடுபொறியில் தேடாதீர்கள், திரையில் காட்டுவதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள். உதாரணமாக:

```
youtube.com/activate
primevideo.com/mytv
```

தேடினால் இதே மாதிரிப் பெயரில் போலிப் பக்கங்கள் வரும், "ஆக்டிவேஷன் கட்டணம்" என்று கேட்கும், ஒரு ஹெல்ப்லைன் நம்பர் கொடுக்கும். கோட் அடித்து லாகின் செய்ய எந்த ஆப்பும் தனியாகக் காசு வாங்குவதில்லை, கேட்டால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

கூகுள் டிவி ஸ்டிக் என்றால் பயணத்துக்குத் தனியாக ஒரு ஜிமெயில் வைத்துக்கொள்வது நல்லது. முதன்மைக் கணக்கைப் போட்டால் ஸ்க்ரீன்சேவரில் குடும்ப ஃபோட்டோக்கள் வரிசையாக ஓட வாய்ப்பிருக்கிறது, ஃபயர் டிவியிலும் அமேசான் ஃபோட்டோஸ் வைத்திருந்தால் இதே கதை. கிளம்புவதற்கு முன்னால் ஸ்க்ரீன்சேவரை இயற்கைக் காட்சிக்கு மாற்றுங்கள், வாங்குதலுக்கு PIN போடுங்கள். ஃபயர் டிவியில் வைஃபை சேர்க்கும்போது பாஸ்வேர்டை அமேசான் கணக்கில் சேமிக்கவா என்று கேட்கும், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், சித்தி வீட்டு வைஃபை பாஸ்வேர்டு உங்கள் அமேசான் கணக்கில் இருக்கவேண்டிய அவசியமில்லை. குழந்தைகள் யூடியூப் கேட்டால் கணக்கில்லாமல் பார்க்கிற விருந்தினர் முறையில் கொடுங்கள், இல்லையென்றால் ஊர் வந்த பிறகும் உங்கள் முகப்பில் பொம்மை வீடியோதான்.

ஊர் வந்து பையைத் திறந்தால் ஸ்டிக் இல்லை

டிவியின் பின்னாலேயே தங்கிவிட்டது. ரூமில் என்றால் உடனே ஃபோன் செய்யுங்கள், ஆனால் அதற்கு முன்னால் கணக்கைப் பிரியுங்கள். அமேசான் தளத்தில் Manage Your Content and Devices போய் Devices-இல் அந்த ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்து Deregister. கூகுள் என்றால்:

```
myaccount.google.com/device-activity
```

இதில் அந்தக் கருவியை Sign out செய்யுங்கள். இதோடு முடிந்துவிடாது. நெட்ஃப்ளிக்ஸ், ஜியோஹாட்ஸ்டார் மாதிரி தனியாக லாகின் செய்த ஆப்கள் இதனால் தானாக வெளியேறும் என்று நம்பவேண்டாம், ஒவ்வொன்றின் தளத்திலும் கருவிகள் பட்டியலைத் திறந்து அந்த ஸ்டிக்கைத் தனித்தனியாக வெளியேற்றுங்கள். பட்டியலில் இரண்டு மூன்று ஃபயர் டிவி ஒரே பெயரில் நின்றால் எது எது என்று புரியாது, அதனால் முதல்நாள் செட்டப்பிலேயே "பயண ஸ்டிக்" என்று பெயர் வைத்துவிடுங்கள்.

சித்தி வீட்டில் விட்டுவந்தது என்றால் அடுத்த தடவை போகும்வரை அவர்களே வைத்துப் பார்க்கட்டும், அவர்கள் கணக்கைப் போட்டுக்கொள்ள ஃபோனில் கூடவே இருந்து சொல்லுங்கள். ரிமோட்டில் Back பட்டனையும் வலது பக்க அம்புக்குறியையும் சேர்த்துப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் ரீசெட் கேட்கும், ஒப்புக்கொண்டால் உங்கள் லாகின், வைஃபை எல்லாம் அழிந்து புது ஸ்டிக்காக எழும். அழிகிற நேரத்தில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.